புதுப்பிப்பு: கருவாட்டுப் பக்கத்துக்கு எத்தனை தூண்?

முதலில் கேட்டது: "மண்டபத்துல கருவாடு விக்கிறோம். வாரம் மூணு பதிவு போடுறோம். ரெண்டே மாசத்துல பக்கம் முழுக்க விலைப்பட்டியல் ஆயிருச்சு. என்ன பண்ணலாம்?"

தூண் என்றால் பக்கம் திரும்பத் திரும்பத் தொடும் பேசுபொருள். பதில்களில் ஏழு தூண் வைக்கச் சொன்ன அண்ணன் சொன்னது பாதி சரி. வகை கூடும், ஆனால் மாதம் 12 பதிவில் ஒவ்வொன்றும் இரண்டு முறைகூட வராது, எதுவும் மனதில் நிற்காது. அதனால் நாலு: சமையல் 4, உப்பிட்டுக் காயவைப்பது 3, கடலும் கரையும் 3, விற்பனை 2.

அக்கா சொன்ன சோதனைதான் உருப்படியானது: ஒவ்வொரு தூணுக்கும் 12 தலைப்பு எழுதிப் பார்க்கணும். 'நெத்திலி' ஐந்தோடு நின்றது. அது தூண் இல்லை, சமையலுக்குள் ஒரு தலைப்பு.

இடிக்கிற இடம் கடல் தூண். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. படகு வராவிட்டால் படமும் இல்லை, அந்த இடத்தில் மறுபடி விலைப்பதிவு நுழையும். தேவை ஆறே பதிவு. மூன்றை மார்ச்சிலேயே எடுத்து வைக்கலாம். மீதி மூன்றுக்குப் படகுப் பராமரிப்பு, வலை சீரமைப்பு போதும்.

பதில்களில் கருப்பட்டிப் பக்கத்துக்கு எத்தனை ரீல்ஸ் என்று கேட்ட தம்பிக்கு: ரீல்ஸ் வடிவம், தூண் பேசுபொருள். இரண்டையும் குழப்பாதீங்க.

விற்பனை தனித் தூணா, சமையல் பதிவின் கடைசி வரியா என்பதில் நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை.