அவசரகால நிதி: சராசரியை நம்பலாமா?

வணக்கம். காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பன்னிரண்டு மாதமாக வீட்டின் அத்தியாவசியச் செலவையும் நோட்டில் குறித்தேன். மாதம் ரூ.19,500 ஆகிறது. ஜூனில் மட்டும் பள்ளிக் கட்டணம் 30,000 சேர்ந்து 49,500.

மொத்தம் 2,64,000, சராசரி 22,000. சரி, ஆறு மாதத்துக்கு 1,32,000 போதும் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: ஏப்ரலில் வேலை போனால் செப்டம்பர் முடிய 1,47,000 வேண்டும். பதினைந்தாயிரம் இடிக்கிறது.

அதிகம் செலவாகும் ஆறு மாதத் தொகையையே இலக்காக வைப்பதா? இல்லை, கட்டணத்துக்கு மாதம் 2,500 தனியாக ஒதுக்கிவிட்டு, நிதிக்கு 1,17,000 வைப்பதா? தனி ஒதுக்கீட்டிலும் ஜூலையில் தொடங்கி மார்ச் முடிய 22,500தான் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, மொய். நம் ஊரில் வாங்கியதைத் திருப்பிச் செய்யாமல் தலைகாட்ட முடியாது. அதை அத்தியாவசியத்தில் எழுதுவீர்களா? நான் இதுவரை சேர்க்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.