லாஜிக்ல ஏமாத்தாத டைம் டிராவல் படம் சொல்லுங்க ப்ளீஸ்

2007ல வந்த டைம்கிரைம்ஸ்னு ஸ்பானிஷ் படம் மாதிரி வேற ஏதாவது இருக்கா மக்களே? பாக்காதவங்க இந்தப் பாராவை விட்டுடுங்க, கதையைச் சொல்லப் போறேன். ஹெக்டர் பைனாகுலர்ல காட்டுக்குள்ள ஒரு பொண்ணைப் பாத்துட்டு தேடிப் போறாரு, மூஞ்சில கட்டு சுத்துன ஒருத்தன் கத்தரிக்கோலால கையில குத்துறான், தப்பிச்சு ஓடி ஒரு மெஷினுக்குள்ள ஒளிஞ்சா கொஞ்ச நேரம் முன்னாடிக்குப் போயிடுறாரு, அங்க கார் மோதி தலையில அடிபட்டு, கையில இருந்த அதே கட்டைக் கழட்டி தலைக்கு சுத்துறாரு. குத்துனவனே அவர்தான்! எதுவும் மாறல, எல்லாமே முதல்லயே நடந்ததுதான், அதான் அவ்ளோ பிடிச்சுது.

லூப்பர் படம் அப்படி இல்ல. இளசா இருக்கிறவனைப் பிடிச்சு விரலை வெட்டுனா, எதிர்காலத்துல இருந்து வந்து தப்பிச்சு ஓடிட்டு இருக்கிற அதே ஆளு, கிழவனானவன் விரல் அந்த நிமிஷமே காணாமப் போகுது, அப்போ இத்தனை வருஷம் அவன் விரலோட வாழ்ந்தது என்னாச்சு? எனக்கு அது சுத்தமா ஒத்துக்கல.

பிரைமர், 12 மங்கீஸ், ப்ரீடெஸ்டினேஷன் மூணும் பாத்தாச்சு. கிளை கிளையா பிரியுற டைம்லைன் வேணாம், ஒரே டைம்லைன் போதும். எந்த மொழியா இருந்தாலும் ஓகே, முடிவை மட்டும் சொல்லிடாதீங்க.