கலப்பு முரணா, கூட்டு முரணா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நியமக் கிரயப் பாடத்துக்கு நானே தமிழில் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொடுத்தால்தான் திங்கள் வகுப்புக்கு 40 பிரதி கையில் வரும். ஒரேயொரு சொல்லில் நிற்கிறேன்.

கணக்கு இதுதான். ஒரு தொகுதி கச்சான் அல்வாவுக்கு நியமப்படி 500 கிலோ கச்சான், கிலோ 600 ரூபா. உண்மையில் போனது 560 கிலோ, விலை 650 ரூபா. நியமம் 300,000, உண்மை 364,000, ஆக நியமத்துக்கும் உண்மைக்கும் இடையிலான முரண் 64,000 பாதகம். விலை ஏறிய 50 ரூபாவை நியம அளவான 500 கிலோவால் பெருக்கினால் 25,000. கூடப் போன 60 கிலோவை நியம விலையால் பெருக்கினால் 36,000. இரண்டையும் கூட்டினால் 61,000தான். மிச்சம் 3,000, அந்த 60 கிலோவுக்கும் ஏறிய 50 ரூபா. விலையும் அளவும் சேர்ந்து பிறப்பித்த இந்த 3,000க்கு என்ன பெயர்?

போன வருடம் "கலப்பு முரண்" என்று எழுதினேன். சோதனையில் ஒரு பிள்ளை கச்சானையும் சீனியையும் எந்த விகிதத்தில் கலந்தார்கள் என்று அட்டவணை கீறி, சீனி விலை தரப்படவில்லை என்று என் வினாத்தாளிலேயே பிழை பிடித்துவிட்டது. பிள்ளையில் பிழையில்லை. மூலப்பொருள்களின் விகிதம் மாறினால் வருவதற்குக் "கலவை முரண்" என்று நான்தான் முந்தின பாடத்தில் படிப்பித்திருந்தேன்.

முள்ளியவளை மாஸ்டர்:

பிள்ளை, கலப்பை விடுங்கள், முதலில் "முரண்" சரியா? முரண் என்றால் மாறுபட்டு நிற்பது, பகைப்பது. முரண் தொடையில் இருளுக்கு ஒளி வரும், இன்பத்துக்குத் துன்பம் வரும். 600 ரூபா 650 ஆனதில் என்ன பகை? அது நியமத்திலிருந்து விலகியிருக்கிறது, அவ்வளவுதான். "விலகல்" என்பதே நேர்.

அதுவும் வேண்டாமென்றால் "பிறழ்வு" இருக்கிறது. குளத்தில் கெண்டை புரளும்போது வெள்ளையாய் ஒரு மின்னல் தெரியுமே, அந்தப் புரளலைத்தான் பழைய பாட்டில் பிறழ்தல் என்பார்கள். தன் நிலையிலிருந்து ஒரு கணம் புரண்டு காட்டுவது. முத்தையன்கட்டில் கரையில் நின்று பார்த்தால் இந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டாம்.

ஓமந்தைக் கணக்காளர்:

மாஸ்டர், கெண்டை நல்ல மீன், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அதைப் பிடிக்க முடியாது. விலகலைப் புள்ளிவிபரவியல்காரர் எப்போதோ எடுத்துவிட்டார்கள். "நியம விலகல்" என்றால் பிள்ளைகள் வர்க்கமூலம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். முரணை இருக்க விடுவோம். நமக்கு வேண்டியது அதற்கு முன்னால் வரும் அடை.

பெயருக்கு முன்னே பொருளைப் பார்ப்போம். இரணைமடுவின் கீழ் உங்களுக்கு ஒரு வயல் துண்டு இருக்கிறது. நீளப் பக்கம் அளவு, அகலப் பக்கம் விலை. வரம்பை வெட்டி இரண்டு பக்கமும் தள்ளிப் போடுகிறீர்கள். கிழக்கே ஒரு கீலம் கூடியது, வடக்கே ஒரு கீலம் கூடியது. வடகிழக்கு மூலையில் ஒரு சின்னச் சதுரமும் கூடியிருக்கும். கிழக்கைத் தள்ளியவனும் என்னுடையது என்பான், வடக்கைத் தள்ளியவனும் என்னுடையது என்பான். ரீச்சரின் 3,000 அந்தச் சதுரம்.

நடைமுறையில் அதை விலை முரணுக்குள் போட்டுவிடுகிறோம். ஏறிய 50ஐ உண்மை அளவான 560ஆல் பெருக்கி 28,000 என்கிறோம், கூடப் போன 60 கிலோவின் பயன்பாட்டு முரண் 36,000. 64,000 சரியாக வந்துவிடும். காரணமும் இருக்கிறது. ஆலைப் பொறுப்பாளருக்குச் சந்தை விலையில் பிடி இல்லை. அவருடைய 60 கிலோவை நியம விலையில் மட்டும் அளந்தால், விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய கணக்கு ஆடாது. கொள்வனவுக்காரர் மட்டும் முறைப்படுவார்: "560 வேண்டுமென்று நானா சொன்னேன்? என் தலையில் ஏன் 28,000? 25,000 போடுங்கள்." அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. அதனால்தான் சிலர் மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

மாங்குளத்தான்:

இதில் என்ன சண்டை அண்ணை? 1,500 இவருக்கு, 1,500 அவருக்கு. பாதி பாதி. அதோடு விதியும் இலகு. இரண்டும் கூடினால் மூலை பாதகம், இரண்டும் குறைந்தால் மூலை சாதகம். நல்லதும் நல்லதும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே. "இணை முரண்" என்று போடுங்கள், முடிந்தது.

வற்றாப்பளை அல்வாக்காரி:

ரீச்சர் என்ர தொழிலைத்தான் உதாரணமாக எடுத்திருக்கிறா, அதனால் சொல்கிறேன். எனக்கும் இந்தக் கலப்பு விலைப் பிரச்சினை இருக்கிறது. போன மாரிக்கு மூன்று சாக்கு நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. 500 கிலோ விவசாயியிடம் 600க்கு வாங்கினது. மிச்சம் 60 கிலோவை அவசரத்துக்குக் கடையில் 700க்கு எடுத்தேன். இரண்டு விலையும் கலந்தால் எந்த விலையைப் போடுவது? சராசரியா?

ஓமந்தைக் கணக்காளர்:

தங்கச்சி கேட்பது வேறு கேள்வி. "கலப்பு" என்ற சொல் இங்கேயும் ஒருவரை வழி தப்ப வைத்துவிட்டது, ரீச்சர் கவனிக்க. ஆனால் கேள்வி அருமை.

உங்கள் மொத்தச் செலவு 342,000, நியமத்தைவிட 42,000 கூட. சராசரி போட்டால் கிலோ சுமார் 610.71 ரூபா. அதை வைத்து மூன்றாகப் பிரித்தால் பயன்பாடு 36,000, தூய விலை முரண் சுமார் 5,357, மூலையில் சுமார் 643. கணக்கு அச்சொட்டாகக் கூடும், ஆனால் பொய் சொல்லும். விவசாயியிடம் வாங்கிய 500 கிலோவில் ஒரு சதம்கூட ஏறவில்லை. அந்த 6,000 முழுவதும் சாக்கு நனைந்ததால் வந்தது. கொள்வனவுக்கு வேறு ஆள் இருந்திருந்தால், சாக்கை நனையவிட்டவரை விட்டுவிட்டு அவரிடம் 5,357க்கு விளக்கம் கேட்டிருப்பீர்கள். சராசரிக்குள் போகாமல் இரண்டு பற்றுச்சீட்டையும் தனித்தனியாக வையுங்கள்.

மாங்குளத்தார் தம்பி, பாதி பாதி கூட்டலில் பிழைக்காது. ஆனால் அந்த 1,500க்கு எவரைக் கூப்பிட்டு என்ன கேட்பாய்? இரண்டு பேரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

உன் மற்ற விதியில் பாதிதான் சரி. இரண்டும் குறைந்த கணக்கைச் செய்து பார். 460 கிலோ, 550 ரூபா. செலவு 253,000, மிச்சம் பிடித்தது 47,000. இப்போது பிரி. 50 ரூபா குறைவு, நியம அளவு 500, ஆக 25,000 சாதகம். 40 கிலோ குறைவு, நியம விலை 600, ஆக 24,000 சாதகம். கூட்டினால் 49,000. கையில் இருப்பதோ 47,000. மூலை 2,000 பாதகம்!

வயலுக்கே வா. இந்த முறை வரம்பை இரண்டு பக்கமும் உள்ளே இழுத்தாய். இழந்த கிழக்குக் கீலத்தையும் வடக்குக் கீலத்தையும் முழு நீளத்துக்கு அளந்தால், மூலைச் சதுரம் இரண்டிலும் விழுகிறது. இரண்டு தரம் எண்ணியதை ஒரு தரம் கழிக்க வேண்டும். ஆகவே அந்த 2,000 யாருடைய தவறும் இல்லை. கொள்வனவுக்காரர் வாங்கவே வாங்காத 40 கிலோவிலும் 50 ரூபா மிச்சம் பிடித்ததாகப் பெயர் வாங்கிவிட்டார், அதைத் திருப்பி எடுக்கிறோம். அறிக்கையில் மூலைக்குப் பக்கத்தில் "பாதகம்" என்று எழுதி எவரிடமாவது விளக்கம் கேட்டால் சிரிப்பார்கள்.

முள்ளியவளை மாஸ்டர்:

இப்போது விளங்குகிறது. அப்படியென்றால் "இணை" ஆகாது, இணை என்றால் ஒப்பாக நிற்பது. "எச்ச முரண்" என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். பெயரெச்சம், வினையெச்சம் போல முடியாமல் நிற்பது என்று பார்த்தால் அழகுதான், ஆனால் பிள்ளைகள் காகத்தின் எச்சத்தைத்தான் நினைப்பார்கள். "கோடி முரண்" என்று வைத்தால் என்ன? வீட்டுக் கோடி, வளவுக் கோடி என்று மூலைப்புறத்துக்கு நாங்கள் சொல்லும் சொந்தச் சொல்.

மாங்குளத்தான்:

3,000 ரூபாவுக்குக் கோடி முரணா மாஸ்டர்? வங்கிக்காரன் மயங்கி விழுவான்.

கிளிநொச்சி ரீச்சர்:

"கூட்டு முரண்" எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரே ஆலையில் இரண்டு பொருள் சேர்ந்து வரும் பாடத்தில் "கூட்டுக் கிரயம்" என்று எழுதியிருக்கிறேன். போதாக்குறைக்கு மூன்றையும் கூட்டி வரும் மொத்த முரணையும் அப்படி வாசிக்கலாம். "விலைப்பயன்பாட்டு முரண்" என்றால்?

முள்ளியவளை மாஸ்டர்:

சொல் நல்லது, "ப்" கூடாது. விலையும் பயன்பாடும் என்று விரிவது உம்மைத்தொகை. வெற்றிலைபாக்கு என்கிறோம், வெற்றிலைப்பாக்கு என்பதில்லை. ஒற்று மிகுந்தால் வேற்றுமைத்தொகையாகி, விலையைப் பயன்படுத்துவது என்று பொருள் போய்விடும். "விலைபயன்பாட்டு முரண்". என் வாக்கு இன்னும் கோடிக்குத்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓமந்தைக் கணக்காளர்:

எனக்கும் சரி, இரண்டு பெற்றோரின் பெயரும் அதில் இருக்கிறது. வகுப்பில் வாயால் "மூலை" என்றே சொல்லுங்கள், அதுதான் மனதில் நிற்கும். அப்புறம், குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கச்சான் களஞ்சியத்துக்கு வந்த அன்றே, வாங்கிய முழுக் கிலோவுக்கும் விலை முரணைப் பதிந்து, இருப்பை நியம விலையில் வைக்கும் இடங்கள் உண்டு. அன்றைக்கு எவ்வளவு பாவனைக்குப் போகும் என்று எவருக்கும் தெரியாது. மூலை பேசாமல் விலை முரணுக்குள் உட்கார்ந்துவிடும், பிறகு பிரித்தெடுக்க வேண்டுமென்றால் வேலை இரட்டிப்பு. அங்கே இந்தச் சொல்லுக்கே தேவை வராது.

கிளிநொச்சி ரீச்சர்:

நாலு பேர் விலைபயன்பாட்டுக்கு, மாஸ்டர் கோடிக்கு, மாங்குளத்தார் இன்னும் பாதி பாதியில் நிற்கிறார். நேற்றுக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். பக்கங்களை இங்கே இணைத்திருக்கிறேன். அல்வாக்காரத் தங்கச்சியின் நனைந்த சாக்கையும் பயிற்சிக் கணக்காகப் போட்டிருக்கிறேன், பெயர் போடவில்லை.

வற்றாப்பளை அல்வாக்காரி:

சாக்கு மூன்று என்று போட்டிருக்கிறீர்கள். பிறகு எண்ணினதில் நாலு.

முள்ளியவளை மாஸ்டர்:

பக்கம் 14, தலைப்பைப் பாருங்கள். தட்டச்சுப் பிள்ளை "ப்" போட்டுவிட்டது.