எட்டு அறிவிப்பு என்று எழுதிக் கொடுத்தோம், மேடையில் வந்தது எத்தனை?

கல்லூரிக் கலைவிழாக் குழு: முதன்மை ஸ்பான்சருக்கு ஒப்புக்கொண்டது ஆறு ஃபிளெக்ஸ், எட்டு மேடை அறிவிப்பு. ஃபிளெக்ஸ் ஆறும் கட்டியாயிற்று. அறிவிப்பு மட்டும் ஐந்துதான். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதம். தொகுப்பாளர் நேரத்தைச் சுருக்க முதலில் விட்டது அறிவிப்புகளைத்தான். வந்த ஐந்திலும் இரண்டு சாப்பாட்டு இடைவேளையில், அரங்கில் ஆளே இல்லாதபோது. ஸ்பான்சருக்குத் தரும் கணக்கில் ஐந்து என்று எழுதுவதா, மூன்று என்றா?

விழா ஏற்பாட்டாளர்: ஐந்து என்றே எழுதி, ஒவ்வொன்றின் நேரத்தையும் பக்கத்தில் போடுங்கள். மறைத்தால் அடுத்த வருடம் ஸ்பான்சர் வரமாட்டார்.

இனிமேல் அறிவிப்பை மணியோடு கட்டாதீர்கள், நிகழ்ச்சியோடு கட்டுங்கள். ‘11.30க்கு’ என்று போட்டால், நிகழ்ச்சி தள்ளிப்போகும்போது அறிவிப்பு விழுந்துவிடும். ‘குழு நடன முடிவு சொல்வதற்கு முன்’ என்றால் அதுவும் கூடவே தள்ளிப்போகும். எட்டுக்கும் எட்டு அட்டை: மேலே வரிசை எண், நடுவில் இரண்டே வரி, ஸ்பான்சர் பெயர் உச்சரிக்கிறபடியே பெரிய எழுத்தில். வாசித்த அட்டையை மேடையோரம் நிற்கும் மாணவர் வாங்கி, பின்பக்கம் நேரம் குறிக்க வேண்டும். தொகுப்பாளர் கையில் மீந்திருப்பதுதான் பாக்கி. மாலை 4 மணிக்கு மூன்று மீந்திருந்தால் பரிசளிப்பில் சேர்த்துவிடலாம். மறுநாள் எண்ணினால் ஒன்றும் செய்ய முடியாது.

தன்னார்வலர்: ஃபிளெக்ஸுக்கு இவ்வளவு வேண்டாமே. கட்டியதும் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஆதாரம் ஆயிற்று.

ஃபிளெக்ஸ் அச்சகம்: அது கட்டியதற்கு மட்டும்தான் ஆதாரம். காலையில் விறைப்பாக நிற்கும் 10க்கு 4 அடி ஃபிளெக்ஸ், மதியக் காற்றில் ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்து பாதிப் பெயரை மடித்துவிடும். இல்லையென்றால் முன்னால் ஐஸ்கிரீம் வண்டி நிற்கும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அதே இடத்தில் நின்று, கூட்டமும் தெரிகிற மாதிரி எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எடுத்த நேரம் படத்திலிருந்து போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் இருக்கும்.

லோகோவையும் கவனியுங்கள். வெப்சைட்டிலிருந்து இறக்கிய சின்னப் படத்தை 10 அடிக்கு இழுத்தால் எழுத்து ஓரமெல்லாம் கலங்கும். ‘இது எங்கள் லோகோவே இல்லை’ என்பார் ஸ்பான்சர். அச்சுக்குப் போகும் முன் புரூஃபில் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கோயில் திருவிழாக் குழு: எங்களுக்கு நோட்டீஸில் உபயதாரர் பெயர் யாருக்கு முதலில் என்பதுதான் தகராறு. தொகைப்படி போடுவதா, அகர வரிசையா?

விழா ஏற்பாட்டாளர்: எதுவானாலும் பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு: காலி அரங்கில் வாசித்ததை எங்கள் பக்கம் எண்ணமாட்டோம், மூன்றுதான்.

விழா ஏற்பாட்டாளர்: ஒப்பந்தத்தில் ‘நிகழ்ச்சி நடக்கும்போது’ என்று இருந்தால் சரி. வெறும் ‘எட்டு அறிவிப்பு’ என்றிருந்தால் ஐந்துதான் கணக்கு. விடுபட்ட மூன்றுக்கு விழா வீடியோவில் லோகோ தரலாம்.

விளம்பரப் பிரிவு: வீடியோ லோகோ மேடை அறிவிப்புக்கு ஈடாகாது. விடுபட்டவற்றுக்கான தொகையைக் கழிக்கத்தான் கேட்போம்.

கல்லூரிக் கலைவிழாக் குழு: அறிவிப்புக்கென்று தனி விலை போடவில்லையே, மொத்தத் தொகைதான். எதைக் கழிப்பது?