18.4 எப்படி 500 ஆனது?

பிப்பெட்காரர்:
போன வாரம் கல்லூரி லேபில் நடந்தது. அடர் கந்தக அமில பாட்டில். லேபிளில் 98%, அடர்த்தி 1.84. மோலாரிட்டி, மோலாலிட்டி இரண்டையும் கேட்டேன். ஒரு லிட்டர் என்றால் 1840 கிராம், அதில் அமிலம் 1803 கிராம். 98.08-ஆல் வகுத்தால் 18.4 மோல். இதுவரை யாரும் தவறவில்லை. மோலாலிட்டிக்குத்தான் பாதி வகுப்பு 10 என்று எழுதியிருந்தது. ஒரு மாணவி 500 என்று போட்டு, பயந்து அடித்துவிட்டு, 10 என்று மாற்றியிருந்தாள். அடித்ததுதான் சரியான விடை!

கரைசல்குட்டி:
10 ஏன் தப்பு சார்? 18.4-ஐ அடர்த்தி 1.84-ஆல் வகுத்தால் 10 வருகிறதே. டியூஷனில் அப்படித்தான் போடுவோம்.

பிப்பெட்காரர்:
அந்தப் 10, ஒரு கிலோ கரைசலுக்கு. மோலாலிட்டி ஒரு கிலோ கரைப்பானுக்கு. 1840-இல் 1803 போனால் தண்ணீர் வெறும் 37 கிராம். 18.4-ஐ 0.0368-ஆல் வகுத்துப் பாருங்கள். நீர்த்த கரைசலில் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர், அதனால் உங்கள் குறுக்குவழி பிழைத்துப் போகும்.

பேட்டரிக்கடை:
நம்ம கடையில் ஹைட்ரோமீட்டரை விட்டால் 1.28, அதுவும் கந்தக அமிலம்தான். அதில் எவ்வளவு வரும்?

பிப்பெட்காரர்:
அது சுமார் 37% அண்ணே. மோலாரிட்டி 4.8, மோலாலிட்டி 6. அங்கே தண்ணீர் நிறைய இருப்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் ஹைட்ரோமீட்டரை நம்பி அடர் அமிலத்தின் சதவீதம் சொல்ல முடியாது. 98-ஐ ஒட்டி அடர்த்தி உச்சம் தொட்டு, 100-க்குப் போகும்போது லேசாக இறங்கிவிடும்.

பழைய கெமிஸ்ட்:
நான் பட்டது வேறு. தொழிற்சாலையில் மூடி சரியாக மூடாத கேன், ஈரத்தை இழுத்து 97% ஆகிவிட்டது. மோலாரிட்டி 18.4-இலிருந்து 18.2, யாரும் கவனிக்கவில்லை. மோல் பின்னம் 0.90-இலிருந்து 0.86. மோலாலிட்டியோ 500-இலிருந்து 330! தண்ணீர் 37 கிராமிலிருந்து 55 ஆனதுதான் காரணம். தரம் பார்த்ததில் அரை சதவீதம் பிசகினாலே 400-க்கும் 670-க்கும் நடுவே எங்கோ நிற்போம். அதனால் இந்த அமிலத்துக்கு மோலாலிட்டி கேட்பதே வீண் என்பேன். நிறை சதவீதமும் மோல் பின்னமும் போதும்.

பிப்பெட்காரர்:
தேர்வுத்தாளில் கேட்கிறார்களே ஐயா! அதோடு, 98-இல் யார் கரைப்பான், யார் கரைபொருள்? தண்ணீரைத்தான் அமிலத்தில் கரைத்ததாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கே ஒரு சந்தேகம்.

கரைசல்குட்டி:
அப்படியென்றால் விடை அடியோடு மாறுமே சார்?

பிப்பெட்காரர்:
மாறும். 2 மோல் தண்ணீர், 1.8 கிலோ அமிலம், சுமார் 1.1.

புதுவரவு:
எங்கள் பாட்டிலில் 36 N என்று பேனாவால் எழுதியிருக்கிறது. அப்போது அது உங்களுடையதைவிட இரண்டு மடங்கு அடர்வா?