அலுமினியச் சோதனை: விடையை எப்படி எழுதுவது?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் படிவம் 4 படிக்கும் தம்பியின் தன்வெப்பக் கொள்ளளவு அறிக்கையில் ஒரு சந்தேகம்.

கொதிநீரில் 100°C-இல் கிடந்த 100 கிராம் அலுமினியக் கட்டியை, 60 கிராம் செம்புக் கலோரிமானியில் 28°C-இல் இருந்த 100 கிராம் நீரில் போட்டான். 40°C-இல் நின்றது. நீரை மட்டும் கணக்கிட்டு 0.84 J/g°C என்று எழுதியிருக்கிறான். செம்பும் அதே 12 பாகை சூடேறியதே! அதன் பங்கு 60 × 0.39 = 23.4, நீரின் 420-உடன் சேர்த்தால்:

```
443.4 × 12 ÷ (100 × 60) = 0.89
```

வெப்பமானியில் ஒவ்வொரு அளவும் அரைப் பாகை முன்னே பின்னே இருக்கலாம். அதனால் 0.89 ± 0.09 என்று எழுதலாமா?

அப்புறம், கட்டியோடு ஒரு கிராம் கொதிநீர் ஒட்டி வந்தாலே விடை 0.04 கூடிவிடுகிறது. துடைத்தால் கட்டி ஆறுகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?