போட்டோவில் வந்த டிகிரி சான்றிதழ்: அரபியில் எழுதும்போது இனிஷியலையும் சுருக்கங்களையும் விரிக்கலாமா?

பெரம்பூர் டிடிபி (கேள்வி)

வணக்கம். பெரம்பூரில் டிடிபி, மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் அரபி படித்தவள்தான், ஆனால் இதுவரை பெரும்பாலும் கடிதங்கள்தான் செய்திருக்கிறேன். இப்போது வளைகுடா வேலைக்குப் போகிற ஒரு தம்பியின் பி.இ. சான்றிதழும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்திருக்கின்றன. லேமினேட் செய்த காகிதம், நடுவில் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது. எனக்குச் சிக்கலாக இருப்பது இந்த வரிகள் (பெயரை மாற்றிவிட்டேன்):

```
D. MURUGAN
B.E. (E.E.E.)
Regn. No. 12/BE/2014
Dt.
```

கடைசி வரியில் டிடிக்குப் பிறகு வருவதை வெளிச்சம் மறைத்துவிட்டது. மார்க் ஷீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பெயர் முருகன் துரைசாமி என்று விரிவாக இருப்பதால், டி. என்பதை நானே துரைசாமி என்று விரித்து அரபியில் எழுதிவிடலாமா? இல்லை, ஒரே எழுத்தாக விடுவதா? மற்ற சுருக்கங்களுக்கும் ஏதாவது ஒரு முறை இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

கோர்ட் வாசல் குமாஸ்தா

மேடம், இனிஷியல் விரிவாக்கத்துக்கு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு கொடுக்கணும். எழுதுபொருள் அச்சுத்துறையில விண்ணப்பம் வாங்கி...

பெரம்பூர் டிடிபி

நன்றி சார், ஆனால் அவர் பெயரை மாற்றவில்லை. பாஸ்போர்ட் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. சான்றிதழில் இருப்பதை அரபியில் எப்படி எழுதுவது என்பதுதான் என் கேள்வி.

கிண்டி இன்ஜினியர்

எல்லாவற்றையும் விரித்துவிடுங்கள். அரபியில் சொற்களைச் சுருக்கி எழுதும் பழக்கமே குறைவு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இருப்பதால் பி.இ. என்பது சுருக்கம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. அரபியில் அந்த வேறுபாடு கிடையாது, நாலு எழுத்தைத் தனித்தனியாக வைத்தால் யாருக்கும் புரியாது. பி.இ. என்றால் பொறியியல் இளங்கலை, மூன்று இ என்றால் மின்னியல் மற்றும் மின்னணுப் பொறியியல். நான் அங்கே வேலை பார்த்தபோது என் சான்றிதழில் இப்படித்தான் இருந்தது:

```
بكالوريوس الهندسة (الهندسة الكهربائية والإلكترونية)
```

இனிஷியலையும் அப்படியே விரிங்க. அப்பா பெயர்தானே.

மண்ணடி அரபி

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். மண்ணடியில் ரொம்பக் காலமாக இதே தொழில். இன்ஜினியர் சார் படிப்புப் பெயரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இனிஷியல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள் மேடம்.

முதலில், விரிக்காமல் ஒரே எழுத்தாக விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். டி. முருகன் என்பதை எழுத்துக்கு எழுத்து வைத்தால் இப்படி வரும்:

```
د. موروغان
```

இதை எந்த அரபி படித்தாலும் ‘டாக்டர் முருகன்’ என்றுதான் படிப்பார். தால் எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைத்தால் அது அங்கே டாக்டர் பட்டம். எம். இனிஷியல் இருந்தால் மீம் புள்ளி, அது ‘இன்ஜினியர்’ ஆகிவிடும். ஏ. இனிஷியல் அலிஃப் புள்ளி ஆனால் ‘உஸ்தாத்’. நம் ஊரில் எம்., ஏ., டி. இனிஷியல்கள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். பி.இ. சான்றிதழில் பெயருக்கு முன்னால் இன்ஜினியர் என்று வந்தால் யாருக்கும் சந்தேகம்கூட வராது, அதனால்தான் அது மோசம். அதே ஆளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் டாக்டர் என்று வந்தால் கவுன்ட்டரில் இருப்பவர் தலைதூக்கிப் பார்ப்பார்.

சரி, விரித்துவிடலாமா? நான் விரிப்பதில்லை. காரணம், சான்றிதழில் துரைசாமி என்ற சொல்லே கிடையாது. அசலையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர், ‘இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அதோடு, இனிஷியல் எப்போதும் அப்பா பெயர் இல்லை. ஊர்ப் பெயர் வைத்திருப்பவர்கள் உண்டு, தாத்தா பெயரையும் சேர்த்து ரெண்டு எழுத்து போடுபவர்கள் உண்டு, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயருக்கு மாற்றிக்கொண்ட பெண்கள் உண்டு. தமிழில் அச்சான சான்றிதழ் என்றால் இன்னொரு சங்கடம்: ‘து. முருகன்’ என்று இருக்கும், அது ஆங்கிலத்தில் D-யா, DH-ஆ, T-யா என்று அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

நான் செய்வது இது. இனிஷியலை எழுத்தாக வைக்காமல் எழுத்தின் பெயராக வைப்பேன், அதாவது தால் மட்டும் போடாமல் தால்-யா சேர்த்து ‘தீ’. பக்கத்தில் அசலில் உள்ளதை அப்படியே வைப்பேன்:

```
دي. موروغان (D. MURUGAN)
```

பாஸ்போர்ட் பெயரை வரிக்குள் நுழைக்காமல், பக்கத்தின் அடியில் சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகப் போடுவேன்:

```
[ملاحظة المترجم: الاسم في جواز السفر: MURUGAN DURAISAMY]
```

இப்படிச் செய்தால் சான்றிதழ் சொன்னது எது, நாம் சொன்னது எது என்று தனித்தனியாகத் தெரியும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் போட அனுமதியே இல்லை என்பதால் நம் ஊர்க்காரர் பலருக்கும் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இந்த இடைவெளி இருக்கும். அந்தக் குறிப்பு இல்லாமல் கொடுத்தால் ரெண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்பது மொழிபெயர்ப்பைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. தம்பி முன்னாடி அங்கே இருந்திருந்தால் பழைய இகாமாவையோ அடையாள அட்டையையோ போட்டோ கேளுங்கள். அதில் அரபியில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துக்கூட்டலை வையுங்கள்.

கிண்டி இன்ஜினியர்

பாய், ஆங்கில எழுத்தாளர்கள் பெயரை அரபிப் பத்திரிகையில் ஒற்றை எழுத்து, புள்ளி என்று போடுகிறார்களே? நானே பார்த்திருக்கிறேன்.

மண்ணடி அரபி

போடுகிறார்கள் சார். அங்கே பெரும்பாலும் ரெண்டு எழுத்து சேர்ந்து வரும், படிக்கிறவருக்கும் அந்த ஆளைத் தெரியும். தனியாக ஒரு தால், பின்னால் தெரியாத ஒரு பெயர் என்றால் டாக்டர்தான். டி.ஆர்., எம்.கே. மாதிரி ரெண்டு எழுத்து இனிஷியல் என்றால் ஆபத்து குறைவு, இருந்தாலும் நான் எழுத்தின் பெயரைத்தான் போடுவேன்.

தாயிஃப் நர்ஸ்

நான் சவுதியில் நர்ஸாக இருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரை பெயருக்குப் பக்கத்தில் ‘ஓடி’ என்று இருந்ததை, அரபியில் ‘வலது கண்’ என்று எழுதியிருந்தார்கள். சர்க்கரை மாத்திரை அது! நம் டாக்டர்கள் ஓடி என்று எழுதுவது ஒரு நாளைக்கு ஒரு தடவை. கண் டாக்டர் சீட்டில்தான் அது வலது கண். எஸ்.ஓ.எஸ். என்பதையும் அவசர அழைப்பு என்று நினைத்துவிடுகிறார்கள், தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். இதையெல்லாம் விரிக்காமல் விடவே கூடாது என்று நினைக்கிறேன்.

மண்ணடி அரபி

மருந்துச் சீட்டு வேறு கணக்கு மேடம், அதைப் படித்து ஒருவர் மாத்திரை கொடுக்கப் போகிறார். அங்கே விரித்துத்தான் ஆக வேண்டும், எந்தத் துறை டாக்டர் எழுதியது என்று பார்த்துவிட்டு விரிக்க வேண்டும்:

```
OD  → مرة واحدة يوميًا
SOS → عند اللزوم
```

பெரம்பூர் மேடம் கேட்டதற்குத் திரும்புகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. விஷயத்தில் விரிப்பதுதான் குழி. சொல்லுக்குச் சொல் விரித்தால் ‘ஸானவிய்யா பள்ளி முடித்த சான்றிதழ்’ என்று வரும். வளைகுடாவில் ஸானவிய்யா என்றால் பன்னிரண்டாம் வகுப்பு. அப்போது நம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் பிளஸ் டூ ஆகிவிடுகிறது. அடுத்து ஹெச்.எஸ்.சி. மார்க் ஷீட் வந்தால் அதுவும் ஸானவிய்யா, ஒரே ஆளுக்கு ரெண்டு பிளஸ் டூ. எனவே நான் விரித்து, ஆங்கிலச் சுருக்கத்தையும் விட்டு, வகுப்பைச் சதுர அடைப்புக்குள் சேர்ப்பேன்:

```
شهادة إتمام المدرسة الثانوية (SSLC) [الصف العاشر]
```

ராயப்பேட்டை மொழிபெயர்ப்பு

இதில் எனக்கு உடன்பாடு இல்லை பாய். அசலில் ‘பத்தாம் வகுப்பு’ என்று இல்லையென்றால் அதைச் சேர்ப்பதும் துரைசாமியைச் சேர்ப்பதும் ஒன்றுதானே? எந்தப் படிப்பு எதற்குச் சமம் என்று முடிவு செய்வது அங்கே உள்ள கல்வித்துறையின் வேலை. நான் சுருக்கத்தை விரித்துவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

மண்ணடி அரபி

உங்கள் வாதத்தை மறுக்க மாட்டேன். எனக்கு வித்தியாசமாகத் தெரிவது ஒன்றுதான்: துரைசாமி என்பது ஒரு ஆளைப் பற்றிய தகவல், பத்தாம் வகுப்பு என்பது அந்தச் சான்றிதழ் எல்லாருக்கும் குறிக்கிற பொருள். மார்க் ஷீட்டில் வேறு எங்காவது வகுப்பு அச்சாகியிருந்தால் குறிப்பே வேண்டாம்.

பெரம்பூர் டிடிபி

ரெண்டு பக்கமும் புரிகிறது. மார்க் ஷீட்டை முழுசாகத் தேடிப் பார்க்கிறேன். பதிவு எண்ணை இப்போது டைப் செய்து பார்த்தேன், வேர்டில் தலைகீழாக வருகிறது! 12/BE/2014 என்று அடித்தால் BE/2014/12 என்று தெரிகிறது. நான் சரியாகத்தான் அடித்தேன்.

கிண்டி இன்ஜினியர்

இது நான் சொல்லலாம். அடித்தது சரி, காட்டுவதுதான் மாறுகிறது. அரபி எழுத்துக்குப் பின்னால் வரும் 12-ஐ அரபி வரியின் பகுதியாக எடுத்துக்கொண்டு வலப்பக்கம் ஒட்டவைக்கிறது. பிஇ என்ற ஆங்கில எழுத்து வந்ததும் அங்கிருந்துதான் இடமிருந்து வலம் ஆரம்பிக்கிறது. எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி போட வேண்டும். கர்சரை 12-க்கு முன் வைத்து, ஒரு இடைவெளி விட்டு, இதை அடித்து உடனே ஆல்ட், எக்ஸ் சேர்த்து அழுத்துங்கள்:

```
200E
```

எண்கள் மட்டும் இருந்து நடுவில் சாய்கோடு என்றால் புரளாது. சிறுகோடு இருந்தால் புரளும்: அரபிக்குப் பின்னால் 05-2014 என்று அடித்தால் 2014-05 என்று தெரியும். அதற்கும் இதே மருந்து.

பெரம்பூர் டிடிபி

வந்துவிட்டது! பிடிஎஃப் எடுத்தும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. இனி டிடி மட்டும்தான்.

ராயப்பேட்டை மொழிபெயர்ப்பு

நம் ஊர்க் காகிதங்களில் டிடி என்பது தேதியாகவும் இருக்கும், மாவட்டமாகவும் இருக்கும். பின்னால் எண் வந்தால் தேதி. முன்னால் ஊர்ப் பெயர் வந்தால் மாவட்டம். உங்கள் போட்டோவில் முன்னாலும் இல்லை, பின்னாலும் தெரியவில்லை, அதனால் ஊகிக்காதீர்கள். லேமினேஷனோடு ஜன்னல் ஓரமாக வைத்து, பிளாஷ் இல்லாமல், மேலிருந்து நேராக மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் சுருக்கத்தை ஆங்கிலத்திலேயே விட்டு, போட்டோவில் தெளிவில்லை என்று எழுதுங்கள்:

```
Dt. [غير واضح في الصورة]
```

மண்ணடி அரபி

இதில் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கட்சி. அமீரகத்துக்கு என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள் மேடம்: அங்கே அரசு அலுவலகத்தில் கொடுக்கிற காகிதத்துக்கு அவர்கள் நீதி அமைச்சகத்தில் உரிமம் வாங்கிய மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டியிருக்கும். அப்படியானால் உங்கள் வேலை கம்பெனி பார்ப்பதற்கு மட்டும்தான் பயன்படும், பணம் வாங்குவதற்கு முன் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

பெரம்பூர் டிடிபி

தம்பி புது போட்டோ அனுப்பிவிட்டார். டிடிக்குப் பின்னால் எண்தான், தேதியே. மார்க் ஷீட்டில் வகுப்பு எங்கும் அச்சாகவில்லை. அடைப்புக் குறிப்பு போடுவதா வேண்டாமா என்று கம்பெனியின் ஆளிடமே கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.